அருணா பார்லர் கைமாறிய மூன்று மாதம்

பே கோபுரத் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போனால் அருணா பார்லர். பத்தொன்பது வருஷமாக அதே இடம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். ஜன்னலை யாரும் திறப்பதில்லை, ஏசி போய்விடும் என்று.

நடத்தியவள் அருணாதேவி. அடி அண்ணாமலையில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, பஸ் டிப்போவில் வேலை பார்த்த அருணகிரிக்கு வாழ்க்கைப்பட்டு, மகள் கீதாஞ்சலி மூன்றாவது படிக்கும்போது ஆறு மாதப் பயிற்சி முடித்துத் தொழிலுக்கு வந்தவள். இந்த ஊரில் பாதிப் பெண்களின் புருவத்தை அவளுக்குத் தொட்டுப் பார்த்தே அடையாளம் தெரியும். யாருக்கு எந்தப் பக்கம் அடர்த்தி, யாருக்குச் சின்ன வயதில் விழுந்த தழும்பு, யார் நூல் பட்டதும் அழுவார்கள் எல்லாம் விரலிலேயே இருந்தது.

அந்த விரல்தான் போன தை மாதம் ஏமாற்றியது. ஒரு காலேஜ் பெண்ணுக்கு இடது புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு முனை பல்லில், மறு முனை இரண்டு கையிலும் முறுக்கியிருக்க, வலது கை தானாக ஒரு துள்ளு துள்ளியது. புருவத்தின் நடுவில் ஒரு நெல் அளவுக்கு வெறும் தோல். பென்சிலால் நிரப்பி அனுப்பினாள். அந்தப் பெண் திரும்ப வரவில்லை. வேலூர் டாக்டர், இது உயிருக்கு ஆபத்தான நடுக்கம் இல்லை, ஆனால் போகாது, வயது ஏற ஏற ஜாஸ்தியாகும் என்றார். அருணாதேவிக்கு அப்போது ஐம்பத்தாறு.

ஓசூரில் வேலையில் இருக்கும் கீதாஞ்சலியிடம் முதலில் கேட்டாள். மகள் சுற்றி வளைக்கவில்லை. தனக்கு நூல் பிடிக்கவும் தெரியாது, பத்து மணி நேரம் நின்று வேலை செய்யவும் வராது, தென்றல் அக்காவுக்குக் கொடுத்துவிடு, அவங்கதானே உன்கூட இருக்காங்க என்றாள். அருணாதேவி எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் போனை வைத்த பிறகு சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தென்றலுக்கு முப்பத்து மூன்று வயது. தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம். அதிகம் பேச மாட்டாள். அந்த ஒன்பது வருஷத்தில் அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றுகூட அருணாதேவிக்குத் தெரியாது. மேலே படி ஏறி வந்ததும் செருப்பை விடுவாள், கை கழுவுவாள், அருணாதேவிக்கு இரண்டடி பின்னால் வந்து நிற்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் எப்போது என்ன கற்றுக்கொண்டாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் தெரியாது, மறுநாள் தெரியும். அவ்வளவுதான்.

பார்லரை எடுத்து நடத்துகிறாயா என்று கேட்டபோது தென்றல் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"செய்யலாம்ங்க. நல்லாவே வரும்" என்றாள்.

புதிதாக வரும் கல்யாணப் பெண்களிடம் அருணாதேவி சொல்லும் வார்த்தை அது. அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. அக்கா என்று கூப்பிடுகிறவள், அப்போது அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

ஆடிட்டர் கண்ணாயிரத்தைப் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். கடையை அப்படியே பெயர் மாற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அருணாதேவி நினைத்திருந்தாள். அவர் தலையசைத்தார்.

"இது கம்பெனி இல்லம்மா. தனி ஆள் நடத்துற தொழில். சட்டப்படி பார்லர்னு தனியா ஒண்ணு கிடையாது. நீங்கதான் பார்லர். உங்களை எப்படி இவங்க பேருக்கு மாத்துறது?"

பிறகு விளக்கமாகச் சொன்னார். சாமான், பெயர்ப்பலகை, போன் நம்பர், வாடிக்கை இவற்றை ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கலாம். மற்றதெல்லாம் தென்றல் பெயரில் புதிதாகப் பிறக்க வேண்டும். மாநகராட்சி தொழில் உரிமத்துக்குப் புது விண்ணப்பம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அவளுடைய பான் கார்டில் புதிதாக. மாடியின் சொந்தக்காரர் சம்மதித்து அவள் பெயரில் வாடகை ஒப்பந்தம். பணம் வாங்கும் கியூஆர் அட்டையும் அவள் வங்கிக் கணக்குக்கு. அருணாதேவியின் பதிவுகளைக் கடைசி நாளில் மூடிவிட வேண்டும். உங்களுடையது முடிகிற நாளும் அவர்களுடையது தொடங்குகிற நாளும் ஒன்றாக இருக்கட்டும், இரண்டும் ஒரே இடத்தில் ஒரே சமயம் இருக்கக் கூடாது என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். படி இறங்கும்போது அருணாதேவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாதம் வைத்துக்கொண்டார்கள். முதல் மாதம் எல்லா வேலையும் தென்றல் செய்வாள், அருணாதேவி பக்கத்தில் நிற்பாள். இரண்டாம் மாதம் காலையில் மட்டும் வருவாள். மூன்றாம் மாதம் கூப்பிட்டால் மட்டும். கை வேலையில் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை. கடை நடத்துவதைத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. சரக்கு வந்ததும் முதலில் காலாவதித் தேதியைப் பார்ப்பது, கல்யாண மேக்கப் எடுக்கும்முன் ஒரு நாள் வரச்சொல்லி முகத்தில் போட்டுப் பார்ப்பது, ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீடு கேட்டால் ஒன்றை மனம் நோகாமல் தட்டிக்கழிப்பது, முகத்தில் பரு பழுத்திருக்கும் பெண் பிளீச் கேட்டால் முடியாது என்று சொல்வது.

அப்புறம் வாடிக்கைக்காரர்கள். இருநூற்றுச் சொச்சம் பேர். அவர்கள் விவரம் எங்கேயும் எழுதி இல்லை. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் அருணாதேவி சொல்லச் சொல்லத் தென்றல் ஒரு நீள நோட்டில் எழுதினாள். இவருக்குச் சர்க்கரை, கால் நகத்தோரம் கத்தி படக் கூடாது. இவருக்கு வேக்ஸ் சூடு கம்மி. இவரிடம் குழந்தை பற்றிக் கேட்காதே. இவர் புருஷன் வாசலில் நின்று மணி பார்ப்பார், இருபது நிமிஷத்தில் அனுப்பிவிடு.

எழுதிக்கொண்டே இருந்தவள் சில சமயம் பேனாவை நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அருணாதேவி சொல்வதற்கு முன்பே எழுதியிருப்பாள். எட்டிப் பார்த்தால் சொல்ல நினைத்தது அப்படியே இருக்கும்.

முதலில் அருணாதேவிக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பங்குனி முடிவில் ஒருநாள் தென்றல் ஒரு டீச்சருக்குப் புருவம் எடுப்பதை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். தென்றல் வலது முழங்கையை நாற்காலியின் முதுகில் ஊன்றியிருந்தாள். அது அருணாதேவி சமீபத்தில் பழகிக்கொண்டது. கை ஆடுவது தெரியாமல் இருக்க அவளாகக் கண்டுபிடித்த தந்திரம். தென்றலின் கை கல் மாதிரி நிற்கும் கை. அவளுக்கு ஊன்ற வேண்டிய அவசியமே இல்லை.

டீச்சர் போன பிறகு, ஏன் அப்படி ஊன்றுகிறாய் என்று கேட்டாள். தென்றல் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அங்கே ஒரு தடம் சிவந்திருந்தது.

"தெரியலக்கா. இப்படித்தான் வருது" என்றாள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். உச்சி வெயிலில் மலை வெளிறிப்போய், ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டதுபோல் நின்றது. கீழே பாத்திரக் கடையிலும் சத்தம் இல்லை. சும்மா இருக்கும் நேரம்தானே, நான் உட்காருகிறேன், எனக்கு எடு, ஒரு வாடிக்கைக்காரியாக இருந்து பார்க்கிறேன் என்று அருணாதேவி சொன்னாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. அவளுடைய புருவத்தை அவளேதான் சிறு இடுக்கியால் எடுத்துக்கொள்வாள்.

தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். பவுடர் தொட்ட விரல் நெற்றியில் பட்டது. கட்டைவிரல் புருவ எலும்பை ஓரத்திலிருந்து உள்ளே ஒரு தடவை வருடி, நடுவில் நின்று, லேசாக அழுத்தியது. நூல் முறுக்கும் சத்தம். இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், மூன்று இழுப்பு. நிறுத்தத்தின்போது மூக்கால் விடும் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

தன் கையின் பாரம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிறர் முகத்தில் அது எப்படி விழும் என்று தனக்கே தெரியாது என்று நினைத்திருந்தாள். ஆனால் தெரிந்தது. அது அவளுடைய கை. தன் மடியில் இரண்டு கையும் கோர்த்துக் கிடப்பதை உணர்ந்தாள். அதே கை நெற்றியிலும் இருந்தது. மடியில் கிடந்ததுதான் தன்னுடையது என்பதை உறுதி செய்துகொள்ள விரல்களை அசைத்தாள். அவை ஆடிக்கொண்டிருந்தன. நெற்றியில் இருந்தது ஆடவில்லை. பத்து வருஷத்துக்கு முந்திய கை.

"கண்ணைத் தொறந்துறாதீங்க, இன்னும் ஒரு பக்கம் இருக்கு" என்றது தலைக்கு மேலிருந்து ஒரு குரல். யார் குரல் என்று சட்டென்று பிடிபடவில்லை.

அன்று வீட்டுக்குப் போனவள் சாப்பிடவில்லை. அருணகிரி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எப்படிச் சொல்வது? நன்றாகக் கற்றுக்கொண்டாள் என்று குறை சொல்ல முடியுமா? முகம் கழுவிக் கண்ணாடி பார்த்தாள். புருவம் இரண்டும் அழகாக, அவள் பாணியில், குறையே இல்லாமல் இருந்தன.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வைகாசி முதல் வாரம். நோட்டில் இன்னும் ஏழெட்டுப் பேர் பாக்கி. பத்மஜாவின் முறை வந்தது. கோயில் குருக்களின் மனைவி, ஐம்பது வயது, பன்னிரண்டு வருஷ வாடிக்கை. முதல்முறை அவள் தலைக்கு டை கேட்டு வந்தபோது அருணாதேவி வழக்கப்படி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு டை வைத்து அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. பயமுறுத்த வேண்டாம் என்று, மாமி, உங்க முடிக்கு மருதாணிதான் எடுப்பா இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மருதாணிதான். சிவப்புக்குக் காரணம் பத்மஜாவுக்கே தெரியாது. தென்றல் அப்போது வேலைக்குச் சேரவே இல்லை. உலகத்திலேயே அருணாதேவி ஒருத்திக்குத்தான் தெரிந்த விஷயம்.

தென்றல் பேனாவோடு காத்திருந்தாள்.

"அவங்களுக்குத் தனியா ஒண்ணும் இல்ல" என்றாள் அருணாதேவி.

சொல்லும்போதே வாய் கசந்தது. ஒன்றே ஒன்று, ஒரே ஒரு ஆள், தான் இல்லாவிட்டால் தெரியாத ஒரு சங்கதி தன்னிடமே இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். கெடுதல் நினைக்கவில்லை. மாமி மருதாணிதானே கேட்பாள், என்ன ஆகிவிடும்? தென்றல் பத்மஜா என்று எழுதி, கீழே ஒரு வரி காலியாக விட்டாள்.

பத்து நாள் கழித்து அருணகிரிதான் பேச்சுவாக்கில் சொன்னார். கடைத்தெருவில் குருக்களைப் பார்த்தாராம். காஞ்சிபுரத்தில் மச்சினர் பெண்ணுக்குக் கல்யாணம், வீடே அமர்க்களப்படுகிறதாம், மாமி மருதாணி பூசி மணிக்கணக்கில் உட்கார நேரம் இல்லை, இந்தத் தடவை கறுப்பு டைதான் என்று பார்லரில் நேரம் வாங்கியிருக்கிறாளாம். இன்றைக்குக் காலை பத்து மணிக்கு.

மணி அப்போது பத்தேகால். அருணாதேவி போன் போட்டாள். ஒருவரும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பௌர்ணமிக்கு முந்தின நாள். தெருவெல்லாம் கிரிவலத்துக்கு வந்த வெளியூர்க் கூட்டம், தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள், ஏறிய ஆட்டோ நகரவில்லை. இறங்கி நடந்தாள். ஒத்துக்கொள்ளாதவளுக்குத் தலையெல்லாம் டை பூசினால் முகம் வீங்கும், கண் மூடிப்போகும், மூச்சுகூடத் திணறலாம். பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் தோளை உரசிக்கொண்டு போனார்கள், நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் நிஜமாகவே இந்தத் தெருவில் நடக்கிறோமா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

படியேறி உள்ளே போனபோது பத்மஜா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை காய்ந்திருந்தது. கிண்ணத்தில் மருதாணி கரைத்து வைத்திருந்தது.

"வாங்கோ அருணா. பாத்தேளா உங்க ஆளை? பன்னெண்டு வருஷமா வரேன், முந்தாநாள் என்னை மொத நாள் மாதிரி டெஸ்ட் பண்ணி அனுப்பினா. கோவமாத்தான் போனேன். இப்போ பாருங்கோ" என்று காதை மடக்கிக் காட்டினாள் பத்மஜா.

இடது காதுக்குப் பின்னால், எலும்புக்குக் கீழே, கால் விரற்கடை அளவு சிவந்த தடிப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அருணாதேவி பொட்டு வைத்த அதே இடம்.

தென்றல் ஒன்றும் நடக்காததுபோல் மருதாணியைப் பூசி முடித்தாள். தலைக்கு உறை மாட்டி, பத்மஜாவை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். அருணாதேவி காத்திருப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லலக்கா. நீங்கதான்."

"நான் சொல்லல."

"வாயால சொல்லல. தனியா ஒண்ணும் இல்லன்னு சொன்னப்போ உங்க இடது கை காதுக்குப் பின்னாடி போச்சு. போயிட்டுத் திரும்பி வந்துச்சு." தென்றல் தன் கையைத் தூக்கி அதேபோல் செய்து காட்டினாள். அருணாதேவி பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதனாலதான் அந்த எடத்துலயே வெச்சேன்."

ஏன் மறைத்தேன் என்று கேட்க மாட்டாயா என்றாள் அருணாதேவி.

"கேக்க என்னக்கா இருக்கு? உங்க எடத்துல இருந்தா நானும் அதான் செஞ்சிருப்பேன்."

அதில் கோபம் இல்லை, பரிவும் இல்லை. கணக்குப் போட்டு விடை சொன்னதுபோல் இருந்தது. அருணாதேவிக்கு ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக இந்தப் பெண்ணிடம் பயம் வந்தது. பயத்துக்குக் கீழே வெட்கமும் இருந்தது. தனக்குத் தெரிந்ததில் மோசமானதையும் சேர்த்துத்தான் இவளுக்குக் கொடுத்திருக்கிறாள். நோட்டை எடுத்துவரச் சொன்னாள். பத்மஜா பெயருக்குக் கீழே காலியாக இருந்த வரியில் தன் கையாலேயே எழுதினாள். எழுத்து கோணலாக, நெளிந்து நெளிந்து போயிற்று. பிறகு உள்ளறைக்குப் போய்ப் பத்மஜாவிடமும் நடந்ததைச் சொல்லி, இனி எந்த ஊரில் யார் டை என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். பத்மஜா அவளை விநோதமாகப் பார்த்தாள். அந்தக் கல்யாணத்துக்கு மருதாணித் தலையோடுதான் போனாள்.

ஆனி முதல் வாரம் கையெழுத்து. கீதாஞ்சலி ஓசூரிலிருந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். சாமான் பட்டியலை ஆடிட்டர் வாசித்தார், நாற்காலி இரண்டு, ஆவி பிடிக்கும் கருவி ஒன்று, கருவிகளைச் சுத்திகரிக்கும் பெட்டி ஒன்று. அருணாதேவியின் கையெழுத்து நடுக்கத்தில் வேறு யாரோ போட்டதுபோல் இருந்ததால், பான் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்து இன்னொரு தடவை போடச் சொன்னார். பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்ளலாம், உன் பெயரை வை என்று அருணாதேவி நிஜமாகவே வற்புறுத்தினாள். தென்றல் வேண்டாம் என்றாள். அவளுக்கு அந்தப் பெயரே வாய்க்குப் பழகிவிட்டதாம்.

வாடிக்கைக்காரர்களுக்குப் போகவேண்டிய வாட்ஸ்அப் செய்தியை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். இன்று முதல் பார்லரைத் தென்றல் நடத்துவார், உங்கள் ஆதரவு வேண்டும் என்று. இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் போயிற்று. கட்டைவிரல் காட்டினார்கள், கைகூப்பினார்கள், பதினோரு பேர் சனிக்கிழமை நேரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அருணாதேவி எங்கே போகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் இரண்டு நாள், கடையோடு கொடுத்துவிட்ட போன் தன்னிடம் இல்லை என்பதை மறந்து தலையணைக்கு அடியில் தேடினாள்.

வீட்டில் இருந்து பழகினாள். காலையில் அடி அண்ணாமலைக்குப் போய் அண்ணன் நிலத்தைப் பார்த்துவிட்டு வருவாள். கை முன்னைவிட ஆடியது, ஆனால் அதை யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆவணியில் முகூர்த்தம் நெருக்கி வந்தது. தென்றலிடம் வேலைக்கு ஒரு பெண் இருந்தும் சமாளிக்க முடியவில்லை. நூல் வேலை வேண்டாம், எண்ணெய் மசாஜ் மட்டும் பார்த்துக்கொள்வீர்களா, இரண்டு நாள் போதும் என்று கூப்பிட்டாள். அருணாதேவி போனாள். செருப்பை விட்டாள், கை கழுவினாள். தென்றல் கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். நிற்க இடம் பார்த்தபோது, தென்றலுக்கு இரண்டடி பின்னால்தான் இடம் இருந்தது.

மதியம் புதிதாக ஒரு பெண் தலைக்கு எண்ணெய் வைக்க வந்தாள். வேதா என்று பெயர், ஆறு வாரமாகத்தான் இங்கே வருகிறாளாம். அருணாதேவி வெதுவெதுப்பான எண்ணெயைத் தலையில் விட்டு, விரல்களை உச்சியில் பதித்தாள். பாரம் வைத்து அழுத்தினால் கை ஆடுவது தெரியாது. கண்ணை மூடியிருந்தவள் கொஞ்ச நேரம் கழித்துத் திறக்காமலே பேசினாள்.

"நீங்க புதுசா சேந்தீங்களாம்மா? அப்படியே அருணாக்கா கை மாதிரியே இருக்கு. நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க."

அவள் கைகாட்டிய பக்கம் தென்றல் நின்றுகொண்டிருந்தாள். தென்றல் திரும்பவில்லை, மறுக்கவுமில்லை. கல்யாணப் பெண்ணின் முகத்தின் மேல் குனிந்து, முழங்கையை நாற்காலியில் ஊன்றி, நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தாள்.

அருணாதேவியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. எண்ணெய் மணிக்கட்டு வழியாக வழிந்தது.

"ஆமாம்மா, புதுசுதான்" என்றாள். "தலையைக் கொஞ்சம் முன்னால சாய்ங்க."

வேதா சாய்ந்தாள். அருணாதேவி பிடரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.